நைட் ஷிஃப்ட் அலவன்ஸ், கேப் விதிகள்: ஃப்ளோரில் இருப்பவருக்குப் புரியும்படி அறிவிப்பது எப்படி?

"சென்னையில் 140 பேர் வேலை பார்க்கும் கால் சென்டரில் எச்.ஆர். ஆக இருக்கிறேன். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து நைட் ஷிஃப்ட் அலவன்ஸும் கேப் விதிகளும் மாறுகின்றன. போன தடவை அனுப்பிய மெயில் யாருக்கும் புரியவில்லை, சம்பள நாளில் ஒரே சண்டை. இந்த முறை எப்படி எழுதுவது? இதில் சட்டம் கட்டாயம் என்று சொல்வது எது, கம்பெனி இஷ்டம் எது?"

பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள கால் சென்டர்களில் முதலில் டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கிலும், பிறகு சம்பளப் பிரிவிலுமாகப் பதினான்கு வருடம் இருந்திருக்கிறேன். சம்பள நாளில் வரும் சண்டை பெரும்பாலும் ரூபாயைப் பற்றியதாக இருக்காது. "ஒரு நைட்" என்று கம்பெனி எதைச் சொல்கிறது, ஊழியர் எதை நினைக்கிறார் என்பதில்தான் கோளாறு. "இரவு ஷிஃப்டில் பணிபுரிவோருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய்" என்று எழுதிவிட்டால் தெளிவாகச் சொல்லிவிட்டது போலத் தோன்றும். ஆனால் இரவு ஒன்றரை மணிக்கு லாக்அவுட் செய்கிறவர் இரவு ஷிஃப்டா? காய்ச்சல் என்று பன்னிரண்டு மணிக்குக் கிளம்பியவருக்கு உண்டா? இந்தக் கேள்விகளுக்கு அந்த வரியில் பதில் கிடையாது. ஒவ்வொரு டீம் லீடரும், அதாவது டி.எல்.லும், தனக்குத் தோன்றியதைச் சொல்வார், சம்பளப் பிரிவு வேறொன்றைப் போடும்.

முதலில் சட்டத்தைப் பிரித்துவிடுவோம். நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் தர வேண்டும் என்று தனியார் கால் சென்டரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் கிடையாது. அது கம்பெனி கொடுக்கும் வாக்கு. ஆனால் நியமனக் கடிதத்திலோ அறிவிப்பிலோ எழுதிக் கொடுத்துவிட்டால் இஷ்டப்படி நிறுத்தவும் முடியாது. உங்கள் மாற்றத்தால் யாருக்காவது அலவன்ஸ் குறைகிறது என்றால் இதைக் கவனியுங்கள். ஊழியருக்குக் கிடைக்கும் படிகளைப் பாதகமாக மாற்றுவதற்கு முன் 21 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்பது 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்தது. அதன் இடத்துக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் அதையே வைத்திருக்கிறது. இருபத்தைந்தாம் தேதி மெயில் போட்டு ஒன்றாம் தேதியிலிருந்து குறைப்பது செல்லாது. கூட்டுவதாக இருந்தால் இந்தக் கவலை இல்லை.

ஓவர்டைம் வேறு கதை. அலவன்ஸ் தருகிறோம், அதனால் கூடுதல் நேரத்துக்குத் தனியாகக் கிடையாது என்று சில இடங்களில் சொல்வார்கள். அது தவறு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி கூடுதல் நேரத்துக்குச் சாதாரண ஊதியத்தைப்போல இரண்டு மடங்கு தர வேண்டும். இரவில் வேலை பார்ப்பதற்கு ஒரு பணம், நேரம் தாண்டி வேலை பார்ப்பதற்கு இன்னொரு பணம். நோட்டீஸிலும் இரண்டையும் தனித்தனிப் பத்தியாகவே எழுதுங்கள்.

கேப் விஷயத்தில் சட்டத்தின் கை கொஞ்சம் அழுத்தமாகவே இருக்கிறது, குறிப்பாகப் பெண்களுக்கு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் இயங்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2019-இல் ஆணை போட்டபோது கூடவே நிபந்தனைகளையும் வைத்தது. இரவு 8 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒரு பெண்ணை வேலைக்கு வைக்க அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். போதிய பாதுகாப்பு தர வேண்டும். ஷிஃப்டில் வேலை பார்க்கும் பெண்களுக்குப் போக்குவரத்து ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த ஏற்பாடு இருக்கிறது என்று நிறுவனத்தின் முதன்மை வாசலில் அறிவிப்பு வைக்க வேண்டும். ஓவர்டைம் சேர்த்தும் ஒரு நாளில் பத்தரை மணி நேரத்தையும், வாரத்தில் 57 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்பதும் அதே ஆணையில் உள்ளதுதான். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் பெண்களின் இரவு வேலைக்குச் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆனால் அது மாலை 7 மணிக்கு மேல் என்று கணக்கு வைக்கிறது. நோட்டீஸில் எந்த நேரத்தைப் போடுவது என்று நீங்கள் குழம்ப வேண்டாம், 7 என்றே போட்டுவிடுங்கள். முன்னதான நேரத்தைப் பிடித்துக்கொண்டால் இரண்டு சட்டத்திலும் தப்பு வராது.

சம்மதக் கடிதம் பற்றி ஒன்று. நோட்டீஸை அனுப்பிவிட்டு, "இதைப் படித்ததாகக் கிளிக் செய்தால் சம்மதம் தந்ததாகக் கருதப்படும்" என்று சேர்க்கிற பழக்கம் உண்டு. செய்யாதீர்கள். சம்மதம் தனித்தாளில், அந்தப் பெண்ணின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். மறுத்தால் என்ன ஷிஃப்ட் கிடைக்கும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். இல்லாவிட்டால் அது சம்மதம் ஆகாது, வேலை போய்விடுமோ என்ற பயத்தில் போட்ட கையெழுத்தாகவே இருக்கும்.

இனி அலவன்ஸ் பகுதி. நான் பரிந்துரைப்பது ஒரே அளவுகோல்: இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரையுள்ள நேரத்தில் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார் என்பது. நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ என்றால் முழு நைட், 250 ரூபாய். இரண்டு மணி நேரம் முதல் நான்கு மணி நேரத்துக்குள் என்றால் அரை நைட், 125 ரூபாய். இரண்டுக்குக் கீழே என்றால் இல்லை. ரூபாயும் மணி எல்லையும் உங்கள் கம்பெனிக்கு ஏற்ப மாறட்டும். ஆனால் ஷிஃப்டின் பெயரை வைத்து அலவன்ஸ் தராதீர்கள். "நைட் ஏ", "நைட் பி" என்ற பெயர்கள் ரோஸ்டர் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். கடிகாரம் எல்லோருக்கும் தெரியும்.

கடிகாரத்தை வைத்து எழுதும்போது வெளிநாட்டு நேரமாற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். நான் பார்த்த சண்டைகளில் பாதி இதில்தான். இங்கிலாந்து ப்ராசஸ் ஒன்று அவர்கள் நேரப்படி நண்பகல் 12 மணியிலிருந்து இரவு 9 மணி வரை ஓடுகிறது என்று வையுங்கள். கோடையில் அது நமக்கு மாலை நாலரை முதல் இரவு ஒன்றரை வரை. பத்து மணிக்குப் பிறகு மூன்றரை மணி நேரம்தான், எனவே அரை நைட். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் அதே ஷிஃப்ட் நமக்கு மாலை ஐந்தரை முதல் இரவு இரண்டரை வரை என்று ஆகிவிடும். நாலரை மணி நேரம், முழு நைட். மார்ச் கடைசி ஞாயிறு வந்ததும் மறுபடி பாதியாகும். ஏப்ரல் சம்பளத்தில் அலவன்ஸ் பாதியானதைப் பார்த்தவர் கம்பெனி பிடித்துக்கொண்டது என்றுதான் நினைப்பார், வேறென்ன நினைப்பார்? அமெரிக்க ப்ராசஸ் என்றால் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் கோடை நேரம், குளிர்கால நேரம் இரண்டையும் இந்திய நேரத்தில் எழுதி, பக்கத்திலேயே எத்தனை ரூபாய் என்று போட்டுவிடுங்கள்.

அடுத்தது தேதி. வெள்ளிக்கிழமை மாலை உள்ளே வந்தவர் சனிக்கிழமை அதிகாலை வெளியே போகிறார். அந்த நைட் எந்த நாளின் கணக்கு? லாக்இன் செய்த தேதிதான் கணக்கு என்று ஒரே வரியில் எழுதுங்கள். அலவன்ஸ், லீவு, வார விடுமுறை, கேப் ரோஸ்டர் நான்குக்கும் அதுவே. இந்த நான்கில் ஒன்று மட்டும் வேறு தேதியைப் பிடித்தால் போதும், சம்பளக் கணக்கு இருபதாம் தேதியோடு முடிகிறது என்றால், அந்த இரவு இரண்டு மாதத்திலும் வரும், இல்லை ஒரு மாதத்திலும் வராது.

ஒருவரின் ஒரு மாதக் கணக்கைப் போட்டே காட்டுங்கள். பத்து விதிகளைப் படித்துப் புரியாதது ஒரு கணக்கில் புரிந்துவிடும். கவிதா என்று பெயர் வைப்போம். சேலையூரில் வீடு, பெருங்குடியில் ஆபீஸ். மாலை ஆறரை முதல் அதிகாலை மூன்றரை வரை ஷிஃப்ட், நடுவில் ஒரு மணி நேரம் இடைவேளை. சம்பளக் கணக்கு 21-ஆம் தேதி முதல் 20-ஆம் தேதி வரை. ரோஸ்டரில் 22 நைட். அதில் ஒரு நாள் லீவு. இரண்டு நாள் பகலில் பயிற்சி. ஒரு நாள் காய்ச்சல், இரவு பதினொன்றே முக்காலுக்குக் கிளம்பிவிட்டார். பத்து மணிக்குப் பிறகு இரண்டு மணி நேரம் ஆகவில்லை, எனவே அன்று அலவன்ஸ் இல்லை. மீதி 18 நைட். 18-ஐ 250-ஆல் பெருக்கினால் 4,500 ரூபாய். இந்தப் பதினெட்டில் மூன்று நைட் வீட்டிலிருந்து வேலை பார்த்தார். அவற்றுக்கும் உண்டா இல்லையா என்பதை நோட்டீஸ் சொல்லியே ஆக வேண்டும். இந்தக் கணக்கில் உண்டு என்று வைத்திருக்கிறேன். தூக்கம் கெட்டது எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான் என்பது என் கட்சி.

அந்த மாதத்தில் ஒரு நாள் ஆள் குறைந்ததால் கவிதா ஐந்தரை மணி வரை இருந்தார். அதற்காக இன்னொரு நைட் சேராது, அது ஒரே நைட்தான். ஆனால் இரண்டு மணி நேர ஓவர்டைம் உண்டு. அவருடைய மணிக்கூலி 100 ரூபாய் என்று வைத்தால் இரண்டு மடங்கில் 400 ரூபாய். எட்டு மணி நேர வேலையோடு இரண்டைச் சேர்த்தால் பத்து. பத்தரை என்ற வரம்புக்குள் இருக்கிறது. இன்னொரு மணி நேரம் நிறுத்தியிருந்தால் வரம்பு மீறல். இதை டி.எல்.களுக்குத் தனியாகச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் ஆளை நிறுத்துகிறவர் அவர்தான்.

உறுதியாகச் சொல்ல முடியாத ஓர் இடமும் இதில் உண்டு. அலவன்ஸுக்கு பி.எஃப். பிடிக்க வேண்டுமா என்று கேட்பார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி தரும் படிகள் அடிப்படை ஊதியத்தில் சேரும், சிலருக்கு மட்டும் மாறி மாறி வருவது சேராது என்ற அடிப்படையில் உச்ச நீதிமன்றம் 2019-இல் ஒரு தீர்ப்பு தந்தது. இப்போதைய ஊதியத் தொகுப்புச் சட்டமோ ஊதியத்தில் சேராதவை எவை என்று ஒரு பட்டியலே தருகிறது. அதில் போக்குவரத்துப் படியும் ஓவர்டைமும் இருக்கின்றன, நைட் அலவன்ஸ் பெயர் சொல்லி இல்லை. உங்கள் ஊழியர்கள் எல்லோருமே இரவில் வேலை பார்க்கிறவர்களா, சம்பளம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். உங்கள் பி.எஃப். ஆலோசகர் எழுத்தில் தந்த பிறகு நோட்டீஸில் போடுங்கள், அதுவரை அந்த வரியே வேண்டாம். வருமான வரியில் அப்படிச் சந்தேகம் இல்லை. நைட் அலவன்ஸ் முழுவதும் சம்பளமாகவே வரிக்கு உட்படும். கம்பெனி வண்டியில் வீட்டிலிருந்து ஆபீஸுக்கு வந்து போவது வரிக்கு வராது. கேப்புக்குப் பதிலாகக் கையில் பணம் தந்தால் அது வரும். கேப் வேண்டாம், காசு கொடுங்கள் என்று கேட்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

கேப் பகுதிக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். உங்கள் வரைவில் "மூன்று முறை நோ ஷோ ஆனால் ஒரு வாரம் கேப் நிறுத்தப்படும்" என்ற வரி இருக்கக்கூடும். ஏறக்குறைய எல்லா நோட்டீஸிலும் இருக்கும். நான் முன்பு இருந்த ஓர் இடத்திலும் இருந்தது. ஒரு பெண்ணுக்கு மூன்று நோ ஷோ பதிவாகி, சிஸ்டம் தானாகவே அவர் பெயரை ரோஸ்டரிலிருந்து எடுத்துவிட்டது. அவர் மாலையில் பஸ்ஸில் வந்துவிட்டார். அதிகாலை இரண்டரைக்கு லாக்அவுட் செய்து கீழே வந்தால் எந்த வண்டியிலும் பெயர் இல்லை. டெஸ்க்கில் இருந்த பையன் விதியைக் காட்டினான். அவர் ரிசப்ஷன் சோபாவில் ஐந்தரை மணி வரை உட்கார்ந்திருந்து முதல் பஸ்ஸில் போனார். மறுநாள் பார்த்தபோது அந்த மூன்று நோ ஷோவில் இரண்டு டிரைவர் தப்பான தெருவில் நின்றதால் வந்தவை. அந்த விதியை எழுதியவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு இரவு அவர் சோபாவில் உட்காராமல் வெளியே ஏதோ ஒரு வண்டியைப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

நோ ஷோவுக்கு விதி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவர் வராததால் வண்டி ஐந்து நிமிடம் நின்றால் உள்ளே இருக்கும் மூன்று பேருக்கும் தாமதம். ஆனால் தண்டனை பிக்கப்போடு நிற்க வேண்டும், டிராப்பைத் தொடவே கூடாது. பிக்கப் நிறுத்தினாலும் அது மாலை வெளிச்சத்தில் வருகிறவருக்கு மட்டுமே. ராத்திரி ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டிய பெண்ணுக்கு அதையும் நிறுத்தக் கூடாது. போக்குவரத்து ஏற்பாடு உங்கள் கடமை, அவர் செய்த தவறால் அந்தக் கடமை போய்விடாது. அதே மாதிரி நோ ஷோ பதிவாகும் முன் டெஸ்க் அவரை ஒருமுறை கூப்பிட்டிருக்க வேண்டும், அந்தக் கால் நேரம் டிரிப் ஷீட்டில் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். பாதிப் புகார் அதிலேயே அடங்கும்.

இரவு டிராப்பில் யார் கடைசியாக இறங்குகிறார் என்பது அடுத்தது. 2005 டிசம்பரில் பெங்களூருவில் ஒரு கால் சென்டர் பெண் ஊழியரை, வழக்கமாக வராத ஒரு டிரைவர் அழைத்துப் போய்க் கொலை செய்தார். 2007 நவம்பரில் புணேயில் இதேபோல் நடந்த கொலையில் டிரைவரோடு அவருடைய நண்பரும் வண்டியில் இருந்தார். இன்றைக்கு நாம் எழுதும் கேப் விதிகள் பலவற்றுக்கும் அந்த இரண்டு இரவுகள்தான் காரணம். அதனால் விதியோடு ஊழியர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். ஏறும் முன் வண்டி எண்ணும் டிரைவர் பெயரும் மெசேஜில் வந்ததோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் ஏறாதீர்கள், தாமதத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. பட்டியலில் இல்லாத வேற்றாள் யார் வண்டியில் இருந்தாலும் ஏறாதீர்கள். பெண் முதலில் ஏறுவதாகவோ கடைசியில் இறங்குவதாகவோ இருந்தால் எஸ்கார்ட் இல்லாமல் வண்டி நகராது. டிராப் என்றால் தெருமுனை கிடையாது, வீட்டு வாசல். கதவு திறந்து உள்ளே போகும் வரை வண்டி நிற்கும். கர்நாடகத்தில் ஐ.டி. நிறுவனங்களின் இரவு வேலைக்கான விதிகளில் முதல் பிக்கப், கடைசி டிராப் பற்றி எழுத்திலேயே இருக்கிறது. நம் அரசாணை போக்குவரத்து ஏற்பாடு, போதிய பாதுகாப்பு என்ற அளவில் நிற்கிறது. ஆகவே இவற்றைச் சட்டம் என்று எழுதாமல் கம்பெனி விதி என்றே எழுதுங்கள். கம்பெனி விதி என்பதால் கண்டிப்பு குறைய வேண்டியதில்லை.

கால் சென்டருக்கென்றே உள்ள ஒரு தொல்லையும் நோட்டீஸில் வர வேண்டும். மூன்றரைக்கு லாக்அவுட், மூன்றே முக்காலுக்கு வண்டி. மூன்று இருபத்தெட்டுக்கு வந்த கால் நாற்பது நிமிடம் இழுக்கிறது. கவிதா லைனை வெட்டினால் குவாலிட்டியில் அடி, வெட்டாவிட்டால் வண்டி போய்விடும். இரண்டுக்கும் நடுவில் அவரை நிறுத்தக் கூடாது. கால் நீண்டால் டி.எல். டெஸ்க்குக்குச் சொல்வார், நாலேகாலுக்கு இரண்டாவது வண்டி உண்டு, அன்று அவர் பெயரில் நோ ஷோ விழாது, கூடுதல் நேரம் ஓவர்டைமில் சேரும் என்று நான்கும் ஒரே இடத்தில் இருக்கட்டும். இரண்டாவது வண்டி இல்லாமல் இந்த வரியை எழுதாதீர்கள்.

சொந்த பைக்கில் வருகிறேன், கேப் வேண்டாம் என்பவர்களுக்கு நிரந்தரமாக எழுதி வாங்க வேண்டாம். அந்த மாத ரோஸ்டருக்கு மட்டும் வாங்குங்கள். மழை பெய்கிற இரவில் மாலை 3 மணிக்குள் சொன்னால் டிராப் கிடைக்கும் என்று வையுங்கள். இ.எஸ்.ஐ.யில் உள்ளவர்களுக்கு வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான பயணத்தில் நடக்கும் விபத்தும், நேரமும் இடமும் வேலையோடு பொருந்தினால், வேலை விபத்தாகவே கருதப்படும். பைக்கில் வருகிறவரும் அதில் சேர்த்திதான், இதை ஊழியர்களில் பலர் அறியாமல் இருக்கிறார்கள்.

எழுதி முடித்ததும் இரண்டு தாளாகப் பிரித்துவிடுங்கள். அலவன்ஸ் தாள் ஊழியருக்கு. கேப் தாளைத் தமிழிலும் போட்டு வீட்டுக்கும் கொடுத்தனுப்புங்கள். அதிகாலை நாலரைக்கு "பொண்ணு இன்னும் வரலையே" என்று டெஸ்க்குக்குப் போன் செய்வது அவர்கள் அம்மாதான். அந்தத் தாளின் மேலே இரவு முழுக்க எடுக்கப்படும் ஒரு நம்பர் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அனுப்பும் முன், சேர்ந்து ஒரு மாதமே ஆன ஒருவரைக் கூப்பிட்டுத் தாளைக் கையில் கொடுத்து, இந்த மாதம் உனக்கு அலவன்ஸ் எவ்வளவு வரும், நாளைக்குக் கால் நீண்டால் எந்த வண்டியில் போவாய் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். அவர் உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்கும் இடம் எதுவோ, அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.